கீரிப்பூச்சிக்கு வீடே மருந்து சாப்பிட வேண்டும்



லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியின் செவிலியர் இரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு அனுப்பிய கடிதம் பலரை நெளிய வைத்தது. வகுப்பில் சிலருக்குக் கீரிப்பூச்சி. யாருக்கு என்று சொல்லவில்லை. யாரும் பள்ளிக்கு லீவு போட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

பெண் புழு இரவில் ஆசனவாய் ஓரத்தில் முட்டையிடும். பிள்ளை சொறியும்; முட்டை நகக்கண்ணில் ஏறி, விரலோடு வாய்க்குப் போகும். படுக்கை, துண்டு, பொம்மை என்று ஒட்டிக்கொள்ளும் முட்டை இரண்டு வாரம் வரை உயிரோடிருக்கும். ஆகவே அரிப்பே இல்லாத அப்பா, பாட்டி உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மெபெண்டசோல் சாப்பிட வேண்டும் என்கிறார் அந்தச் செவிலியர். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை தேவைப்படலாம். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

நகத்தை ஒட்ட வெட்டுவது எல்லாரும் அறிந்ததே. காலையில் எழுந்ததும் குளிப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் இட்ட முட்டை அப்போதுதான் கழுவிப்போகும். விரிப்பை உதறினால் முட்டை அறையெங்கும் பரவும், சுருட்டியெடுத்து வெந்நீரில் துவைக்க வேண்டும்.

மிட்டாய் தின்றதால் பூச்சி என்று பிள்ளையைத் திட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. முட்டை வயிற்றுக்குள் போகாமல் இந்தப் பூச்சி வராது. திட்டுவதை விட்டு, மருந்துக்கடைக்குப் போங்கள்.

ஒரு வாசகர், லண்டன்