கை மாறிய ஆலையும் கணக்கில் மறைந்த ஆண்டுகளும்

ஆலையை மூடப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தவுடன் தொழிலாளி கேட்கும் முதல் கேள்வி, நஷ்டஈடு எவ்வளவு என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டியது, தம் சேவை எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பது. பெரும்பாலும் பணம் போவது அங்கேதான்.

1950-களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, நெடுங்காலம் பால் மரம் வெட்டியவர்களுக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடு தரும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகள் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் அவ்விதிகள் வந்தது 1980-இல்தான். அவற்றின்படி, குறைந்தது ஓராண்டு சேவை செய்தவருக்கே நஷ்டஈடு உண்டு. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் 20 நாள். மீதி மாதங்களுக்கும் அதே விகிதம் உண்டு.

பாரிட் புந்தார் வட்டாரத்து ரப்பர் ஆலையொன்றில் ஒருவர் 7 ஆண்டு 4 மாதம் உழைத்தார் என வைத்துக்கொள்வோம். கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் அவர் பெற்றது 21,900 வெள்ளி. அதை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 60 வெள்ளி. 20 நாள் விகிதத்தில் அவருக்குச் சேர வேண்டியது 8,800 வெள்ளி. ஆண்டு போனசும் போக்குவரத்துப் படியும் இதில் சேரா.

ஆனால் நான்கு ஆண்டுக்கு முன் அவ்வாலை கை மாறியிருந்தது. புதிய முதலாளி, "என்னிடம் நீ நான்கு ஆண்டுதானே" என்கிறார். நான்கு ஆண்டு என்றால் விகிதம் 15 நாளாகக் குறைகிறது; தொகை 3,600 வெள்ளி. 5,200 வெள்ளி காற்றோடு போயிற்று! விதி அப்படிச் சொல்லவில்லை. கை மாறிய ஏழு நாளுக்குள், முன்னிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளுடன் புதியவர் வேலை தர முன்வந்து, தொழிலாளியும் ஏற்றிருந்தால், பழைய சேவையும் சேர்ந்தே எண்ணப்படும். அப்படி வேலை தர முன்வராவிட்டால், பழைய முதலாளியும் புதிய முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் நஷ்டஈடு தர வேண்டியவர்கள். ஆகவே பழைய சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் தூக்கி எறியாதீர்கள்.

நோட்டீஸ் வேறு கணக்கு. மேற்சொன்ன மூன்று வகையினருக்கும் முறையே 4, 6, 8 வாரம். நோட்டீஸ் தராவிட்டால் அதற்கீடான சம்பளம், நஷ்டஈட்டுக்கு மேற்பட்டுத் தரப்பட வேண்டும். ஆட்குறைப்புக்கு முப்பது நாள் முன்பே முதலாளி தொழில் இலாகாவுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். ஆலையை மூடாமல் ஆட்களை மட்டும் குறைத்தால், அதே வகை வேலையிலுள்ள அந்நிய நாட்டுத் தொழிலாளரை நிறுத்திய பிறகே உள்நாட்டவரைத் தொட முடியும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் அழிக்கும் தந்திரமும் உண்டு. "நானாக விலகுகிறேன்" என்று எழுதிய காகிதத்தைக் கணக்குத் தீர்க்கும் மேசையில் நீட்டுவார்கள். தானாக விலகியவருக்கு நஷ்டஈடு இல்லை என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அதில் கையெழுத்திடாதீர்கள், வேலை முடிந்த ஏழு நாளுக்குள் பணம் வர வேண்டும், தொகை எப்படி வந்தது என்ற எழுத்து விவரமும் வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சீட்டுகளுடன் யூனியன் காரியாலயத்துக்கு வாருங்கள். தொழில் இலாகாவில் மனு கொடுக்கலாம்.