நாஸ்ட்ரோ தேதி எங்கே சார்?

வெளிநாட்டு செக்கை வங்கியில் போட்டவர்களுக்கு ஒரு நாள் அரைப் பக்கச் சீட்டு ஒன்று வரும். 'கலெக்‌ஷன் அட்வைஸ்' என்று பெயர். இத்தனை டாலர், இந்த ரேட், இவ்வளவு பிடித்தம், மீதி உங்கள் கணக்கில் என்று நாலு வரி இருக்கும். பெரும்பாலானவர்கள் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, 'அப்பாடா, வந்துச்சே' என்று மடித்து ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். வங்கிக்கும் அதுதான் சௌகரியம்.

மாம்பலத்தில் ஒரு பெரியவர் தன் சீட்டை என்னிடம் காட்டினார். அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பழைய கம்பெனியிலிருந்து பென்ஷன் பாக்கியாக 2,000 டாலருக்கு செக் வந்திருக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று வங்கியில் கொடுத்தார். பணம் கணக்கில் ஏறியது மே 2. நூறு நாளுக்கு மேல்! நடுவில் நாலைந்து தடவை போய்க் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "அமெரிக்காக்காரன் லேட் பண்றான் சார். நாங்க என்ன பண்றது?"

இந்தப் பதில் நிஜமா, பொய்யா? கண்டுபிடிக்க ஒரே ஒரு தேதி போதும். அந்தத் தேதி மட்டும் அட்வைஸில் இல்லை.

நாம் கொடுக்கும் டாலர் செக்கை நம் வங்கி அமெரிக்காவில் இருக்கும் ஒரு கூட்டாளி வங்கிக்கு அனுப்புகிறது. நம் வங்கிக்கு அங்கே டாலரில் ஒரு கணக்கு உண்டு. அதற்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். இத்தாலிய மொழியில் 'நம்முடையது' என்று அர்த்தம். செக் பாஸானதும் டாலர் முதலில் அந்தக் கணக்கில்தான் விழும். ஆனால் அமெரிக்காவில், கணக்கில் சேர்ந்த செக்கும் சில சமயம் பிறகு திரும்பி வரலாம். அதனால் நம் வங்கி சில நாள் பொறுத்திருக்கும். இதைக் 'கூலிங் பீரியட்' என்பார்கள். எத்தனை நாள் என்பது வங்கிக்கு வங்கி மாறும்; ஒவ்வொரு வங்கியின் செக் கலெக்‌ஷன் பாலிசியிலும் எழுதியிருக்கும். அந்தக் கெடு முடிந்ததும் டாலரை ரூபாயாக்கி நம் கணக்கில் போட வேண்டும்.

ஆக, தாமதம் இரண்டு வகை. டாலர் நாஸ்ட்ரோ கணக்குக்கு வருவதற்கு முன்னால் நடப்பது வெளிநாட்டுத் தாமதம். அதற்கு நம் வங்கி பொறுப்பு ஏற்பதில்லை. பாலிசியிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் டாலர் வந்து, கூலிங் பீரியடும் முடிந்த பிறகு நடக்கும் தாமதம் முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு. ஃபாரெக்ஸ் பிரிவுக்கும் கிளைக்கும் நடுவே ஏதோ ஒரு மேஜையில் பணம் தூங்குகிறது. 'எதற்காக வந்த பணம்' என்று வாடிக்கையாளரிடம் ஒரு படிவம் வாங்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டு ஒரு போன் பண்ண ஆளில்லை. இதற்கு அமெரிக்காக்காரன் என்ன செய்வான், பாவம்!

இந்த இரண்டாவது வகைத் தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டு. இது யாரும் போடும் பிச்சை இல்லை. இந்திய வங்கிகள் சங்கம் தயாரித்த மாதிரி நஷ்டஈட்டுக் கொள்கையை ஒட்டித்தான் பல வங்கிகள் தங்கள் பாலிசியை எழுதியிருக்கின்றன. நாஸ்ட்ரோவில் வரவாகி, கூலிங் பீரியடும் கழிந்து, ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் வட்டி தர வேண்டும். அதோடு, அந்த இடைவெளியில் டாலர் ரேட் இறங்கியிருந்தால் அந்த நஷ்டத்தையும் ஈடு செய்ய வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியுமா என்பது வேறு கேள்வி.

பெரியவர் என் யோசனைப்படி எழுத்தில் கேட்டார். நாஸ்ட்ரோ கணக்கு ஸ்டேட்மென்ட்டில் தன் செக்குக்கான அந்த ஒரு வரியின் நகல் வேண்டும் என்று. மூன்று வாரம் இழுத்துவிட்டுக் கொடுத்தார்கள். டாலர் வந்த தேதி பிப்ரவரி 12! அதாவது அமெரிக்காக்காரன் எடுத்துக்கொண்டது இருபத்து மூன்றே நாள். அந்த வங்கியின் கூலிங் பீரியட் 21 நாள். மார்ச் 5 அன்று பணம் ஏறியிருக்க வேண்டும். ஏறியது மே 2. நடுவில் ஐம்பத்தெட்டு நாள், அய்யாவின் டாலர் அவர்கள் மடியில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஐம்பத்தெட்டு நாளில்தான் டாலர் சரிந்தது. 2025 பிப்ரவரியில் 87 ரூபாயைத் தாண்டியிருந்த டாலர், மே மாதத் தொடக்கத்தில் 84.50 பக்கம் வந்துவிட்டது. வங்கி நம்மிடம் வாங்கும் ரேட் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக வைத்துக்கொள்வோம்: மார்ச் 5 அன்று 86.50, மே 2 அன்று 84.00.

ஆனால் அட்வைஸில் 84.00 கூட இல்லை, 83.85 என்று போட்டிருந்தார்கள். இந்தப் பதினைந்து பைசா எங்கே போச்சு? வங்கிகள் டாலர் வாங்க ஒரே நாளில் பல ரேட் வைத்திருக்கின்றன. டாலர் ஏற்கெனவே நாஸ்ட்ரோவில் வந்துவிட்டால் கொடுக்க வேண்டியது 'டி.டி. பையிங்' ரேட். டாலர் இனிமேல்தான் வரப்போகிறது, வங்கி தன் பணத்தை முன்கூட்டியே கொடுக்கிறது என்றால் 'பில் பையிங்' ரேட். இரண்டாவது கொஞ்சம் குறைவு; காத்திருக்கும் நாளுக்கான வட்டி அதில் கழிந்துவிடும். இங்கே காத்திருந்தது யார்? பெரியவர். வட்டியைக் கழித்துக்கொண்டது யார்? வங்கி. எப்படி இருக்கிறது கதை!

இனி பிடித்தங்கள். 2,000 டாலர் செக்கில் அமெரிக்க வங்கி 25 டாலரை எடுத்துக்கொண்டு 1,975 டாலர்தான் வரவு வைத்திருந்தது. அது வழக்கம்தான். ஆனால் அட்வைஸில் 'வெளிநாட்டு வங்கிக் கட்டணம்' என்று தனியாக 2,100 ரூபாய் கழித்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 25 டாலரை 84-ஆல் பெருக்கினால் அதே 2,100. ஒரே கட்டணம், இரண்டு தடவை! டாலரில் ஒரு முறை, ரூபாயில் மறுமுறை. இதைப் பிடிக்க வழி சுலபம். செக்கில் எழுதிய டாலரையும், ரூபாயாக மாற்றிய டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் வெளிநாட்டுக் கட்டணம் அங்கேயே போய்விட்டது. அப்புறம் ரூபாயில் அதைப் பிடிக்க வேலையில்லை.

மற்றபடி கமிஷன் 500, கூரியர் 500, அவற்றுக்கு ஜி.எஸ்.டி. 180. இவை வங்கியின் கட்டணப் பட்டியலில் இருக்கும் தொகைதான். தவிர, டாலரை ரூபாயாக மாற்றியதற்கு ஒரு ஜி.எஸ்.டி. 239 ரூபாய். இதைப் பார்த்துப் பலர் சண்டைக்குப் போகிறார்கள். அது சரியான பிடித்தம்தான். மாற்றிய தொகையில் முதல் லட்சத்துக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் பத்து லட்சம் வரை உள்ளதற்கு அரை சதவிகிதம் என்று ஒரு மதிப்பு வைத்து, அதன் மேல் 18 சதவிகிதம். சண்டையை இதற்காக வீணாக்காதீர்கள்.

இப்போது பெரியவரின் நஷ்டத்தைக் கூட்டுவோம். 1,975 டாலருக்கு 86.50 வீதம் 1,70,837.50 ரூபாய் வந்திருக்க வேண்டும். 83.85 வீதம் கொடுத்தது 1,65,603.75. வித்தியாசம் 5,233.75. இரண்டாம் தடவை பிடித்த கட்டணம் 2,100. வட்டி, ஒரு வாரச் சலுகை போக ஐம்பத்தோரு நாளுக்கு, சேமிப்புக் கணக்கு விகிதம் 2.75 என்று வைத்தால் சுமார் 656. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 7,990 ரூபாய். வட்டி விகிதம் மட்டும் உங்கள் வங்கி பாலிசியைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும்.

'பிப்ரவரி 12 ரேட்டையே கேட்கலாமே' என்று சிலர் சொல்வார்கள். கேட்கக்கூடாது. கூலிங் பீரியட் நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனை. அதேபோல, டாலர் ஏறியிருந்தால் தாமதத்தால் நமக்கு லாபம்; அப்போது ரேட் நஷ்டம் என்று ஒன்று கிடையாது, வட்டி மட்டும்தான். கேட்பதை அளந்து கேட்டால்தான் வங்கி தட்டிக் கழிக்க முடியாது.

எப்படிக் கேட்பது? வாயால் கேட்காதீர்கள், கடிதம். நாலே கேள்வி போதும். என் டாலர் நாஸ்ட்ரோ கணக்கில் வந்தது எந்தத் தேதி, ஆதாரத்தோடு சொல்லுங்கள். உங்கள் கூலிங் பீரியட் எத்தனை நாள்? எனக்குக் கொடுத்தது எந்த வகை ரேட், எந்த நாளின் ரேட்? ரூபாயில் பிடித்த ஒவ்வொரு கட்டணமும் எதற்கு? அன்றைய ரேட்டை நீங்களே உரசிப் பார்க்க, எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் தினமும் வெளியிடும் டாலர் ரெஃபரன்ஸ் ரேட்டின் பழைய பட்டியல் இணையத்தில் இருக்கிறது. வங்கி ரேட் அதைவிடச் சில பைசா, ஏன் அரை ரூபாய் கூடக் குறைவாக இருக்கலாம். இரண்டு ரூபாய் குறைந்தால் தேதி மாறியிருக்கிறது என்று அர்த்தம். கடிதத்துக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, மழுப்பினாலோ, ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் புகார் செய்யக் காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

'இந்தக் காலத்தில் யார் சார் செக் அனுப்புறாங்க?' என்று வங்கி அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார். உண்மைதான். அமெரிக்க அரசே பெரும்பாலான காகித செக்குகளை 2025 செப்டம்பர் 30-லிருந்து நிறுத்த உத்தரவிட்டது. நம் ஊரிலும் பல வங்கிகள் வெளிநாட்டு செக்கை வாங்குவதையே விட்டுவிட்டன. இன்னும் செக் வருவது யாருக்கு? பழைய பென்ஷன்காரருக்கு, பத்து பங்கு வைத்திருக்கும் விதவைக்கு, மொழிபெயர்ப்புக்கு சன்மானம் வாங்குபவருக்கு. கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் சேவையில்தான் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கிக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. கலெக்‌ஷன் அட்வைஸில் மூன்று விவரம் கட்டாயம் அச்சாக வேண்டும்: நாஸ்ட்ரோ வரவுத் தேதி, கூலிங் பீரியட் முடிந்த தேதி, கொடுத்த ரேட்டின் பெயர். இவை வங்கியின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கின்றன. அச்சடிக்கக் கூடுதலாக ஒரு வரி மை ஆகும். அந்த மைச் செலவை வேண்டுமானால் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு தடவை மட்டும்.