பிஸ்மார்க் மதச்சார்பின்மைவாதி இல்லை, தோழர்களே

மதத்தையும் அரசையும் பிரிக்கவேணும் எண்ட கதை வந்தாலே எங்கட இடதுசாரி நண்பர்கள் சிலர் 1870களின் ஜேர்மனியை உதாரணமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "பிஸ்மார்க் பாப்பரசரையே எதிர்த்து நிண்ட ஆள்" என்பது அவர்களுடைய வாதம். எதிர்த்து நிண்டது உண்மை. ஆனால் அவர் எதையாவது பிரித்தாரா? இல்லை எண்டுதான் நாங்கள் சொல்லுறம்.

1871இல் ஜேர்மனி ஒரே பேரரசாகிறது. அதற்குள் மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். அவர்களுக்கெண்டு சென்ட்ரும் என்ற கட்சி இருந்தது. போலந்து மொழி பேசுகிற கத்தோலிக்கரும் பிரஷ்யாவுக்குள் இருந்தார்கள். புதிய பேரரசுக்கு இவர்களுடைய விசுவாசத்தில் சந்தேகம். "கல்ற்றூர்காம்ஃப்", அதாவது பண்பாட்டுப் போராட்டம் எண்ட பெயரைப் பரவலாக்கியவர் விர்ஹோ என்ற மருத்துவ விஞ்ஞானி. லிபரல்களுக்கு அது அறிவுக்கும் இருட்டுக்கும் இடையிலான சண்டை. பிஸ்மார்க்குக்கு அது ஆளைக் கட்டுக்குள் வைக்கிற வேலை.

1873 மே மாதச் சட்டங்களை எடுத்துப் பாருங்கள். குருவானவராக வர விரும்புகிறவர் ஜேர்மன் பிரசையாக இருக்கவேணும், ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் இறையியல் படிக்கவேணும், அதற்குமேல் மெய்யியல், வரலாறு, ஜேர்மன் இலக்கியம் மூன்றிலும் அரசாங்கப் பரீட்சை எழுதவேணும். பிறகு ஆயர் அவரை ஒரு பங்குக்கு நியமிக்க முதல் மாகாண ஆளுநருக்கு அறிவிக்கவேணும். ஆளுநர் 30 நாளுக்குள் மறுக்கலாம். "இவர் பொது அமைதியைக் குலைப்பார்" எண்டு நினைத்தாலே மறுப்புக்குக் காரணம் கிடைத்துவிடும். மதத்திலிருந்து விலகி நிற்கிற அரசுக்கு, பூசை வைக்கிறவர் இலக்கியம் படித்தாரா எண்டு என்ன கவலை?

இது ஒரு கிராமத்தில் எப்பிடி நடந்தது? பழைய பங்குத்தந்தை இறந்துபோகிறார். ஆயர் அரசுக்கு அறிவிக்காமல் ஒரு இளம் குருவை அனுப்புகிறார். அவர் பூசை வைக்கிறார், ஞானஸ்நானம் கொடுக்கிறார். ஒவ்வொன்றும் சட்டப்படி குற்றம். அபராதம் விழுகிறது, அவர் கட்டமாட்டார். பொலிஸ் வந்து மேசை கதிரையை ஏலம் போடும். ஊர்ச்சனமே அதை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும். அடுத்தது சிறை. வெளியில் வந்ததும் திரும்பவும் பூசை. 1874இல் இன்னொரு சட்டம் வருகிறது: இப்பிடிப்பட்டவரை மாவட்டத்தை விட்டே துரத்தலாம், குடியுரிமையையும் பறிக்கலாம். போசன் பேராயர் லெடோஹொவ்ஸ்கி 1874இல் சிறை போனார். உள்ளே இருக்கும்போதே பாப்பரசர் அவரைக் கர்தினாலாக்கினார். 1880களின் தொடக்கத்தில் பிரஷ்யாவின் கத்தோலிக்கப் பங்குகளில் கிட்டத்தட்டக் காற்பங்கு பங்குத்தந்தை இல்லாமல் கிடந்தது. சென்ட்ரும் கட்சியோ 1874 தேர்தலில் 91 ஆசனங்களோடு முன்னையதைவிடப் பெரிதாக வந்தது. அடிக்க அடிக்க சனம் கட்சியோடு ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 1872 சட்டம் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்கிற உரிமையை அரசுக்கு மட்டும் என்றாக்கியது. நல்ல விசயம் தானே? ஆனால் போலந்துப் பகுதிகளில்தான் கத்தோலிக்கக் குருமார் முதலில் அகற்றப்பட்டார்கள். புரட்டஸ்தாந்து போதகர்கள் பெரும்பாலும் அதே பதவியில் இருந்தார்கள், அரசின் ஆட்களாக. வகுப்பில் சமய பாடமும் அப்பிடியே தொடர்ந்தது. 1873இல் போசன் மாகாணத்தில் சமயமும் பாட்டும் தவிர மற்றப் பாடங்களுக்கு ஜேர்மன்தான் போதனா மொழி எண்டு கட்டளை வந்தது. மொழியில் கைவைக்கிற அரசு எப்பிடியிருக்கும் எண்டு எங்கட வாசகர்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்: பதிவுத் திருமணம். 1875இல் பேரரசு முழுவதற்கும் வந்த அந்தச் சட்டப்படி கோயிலில் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பதிவாளர் முன்னால்தான் கலியாணம் செல்லும். கலப்புத் திருமணம் செய்தவருக்கும் எந்தச் சபையிலும் இல்லாதவருக்கும் ஒரே கதவு. புரட்டஸ்தாந்துப் பழமைவாதிகளும் இதை எதிர்த்தார்கள். ஏன், 1849இல் பிஸ்மார்க்கே பதிவுத் திருமணத்தை எதிர்த்துப் பேசியவர்! இதைக் கொடுமை எண்டு சொல்கிற கத்தோலிக்க எழுத்தாளர்களோடும் எங்களுக்குச் சண்டைதான். ஒரு சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி. மற்றது ஒரு சபையின் குருவை அரசு தெரிவுசெய்வது. இரண்டையும் ஒரே கூடைக்குள் போடுவதுதான் பிழை.

லிபரல்களுக்குள்ளும் இதை விளங்கின ஆள் இருந்தார். 1872இல் இயேசு சபையைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது, யூதரான எடுவார்ட் லாஸ்கர் தன் கட்சி நண்பர்களை விட்டுவிட்டு எதிர்த்து வாக்களித்தார். மற்றவர்களில் பெரும்பாலானோர் ஆதரித்தார்கள். 1878இல் பிஸ்மார்க் பாப்பரசர் 13ஆம் லியோவோடு பேசத் தொடங்கி, அதே வருடம் சோசலிஸ்டுகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார். கூட்டம், பத்திரிகை, சங்கம் எல்லாம் தடை. 1887 வரைக்கும் மே சட்டங்களில் பெரும்பகுதி ஒவ்வொன்றாகக் கழன்றது. பிரசங்க மேடையில் அரசு விவகாரம் பேசுகிற குருவுக்கு இரண்டு வருடம் வரை சிறை என்ற 1871ஆம் ஆண்டுப் பிரிவு கழரவில்லை. நாசிகள் அதை எடுத்துப் பாவித்தார்கள். மேற்கு ஜேர்மனி அதை நீக்கியது 1953இல்.