2 லட்சம் அட்வான்ஸா, மாசம் 1,000 ரூபாய் கூடுதல் வாடகையா? எது லாபம்?

வேளச்சேரியில் ஒரு 2 பிஹெச்கே வீடு பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓனர் இரண்டு கணக்கு சொல்கிறார். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் வாடகை 18,000. அவ்வளவு முடியாது என்றால் 60,000 அட்வான்ஸ், வாடகை 19,000. வீடு அதே வீடுதான். எதற்கு ஓகே சொல்வது?

பலரும் வாடகையை மட்டும் பார்த்து, 1,000 ரூபாய் மிச்சம் என்று முதல் ஆஃபருக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த மிச்சத்துக்காக நீங்கள் கூடுதலாக 1,40,000 ரூபாயை ஓனரிடம் கொடுத்து வைக்கிறீர்கள். அதாவது, அவருக்குக் கடன் கொடுக்கிறீர்கள். மாசம் குறையும் 1,000 ரூபாய்தான் அதற்கு அவர் தரும் வட்டி.

நம்ம ஊர் வட்டிக் கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சத்துக்கு மாசம் 1,000 ரூபாய் என்றால் அது 'ஒரு ரூபாய் வட்டி', வருஷத்துக்கு 12%. 500 ரூபாய் என்றால் 50 பைசா வட்டி, 6%. இங்கே 1,40,000-க்கு 1,000. லட்சத்துக்கு 714 ரூபாய் வருகிறது. கிட்டத்தட்ட 71 பைசா வட்டி, வருஷத்துக்கு சுமார் 8.6%.

உங்கள் பணம் எங்கே இருக்கிறது?

அந்த 1,40,000 இப்போது 6.5% எஃப்.டி-யில் இருந்தால், வருஷத்துக்கு 9,100 ரூபாய் வட்டி வரும். அட்வான்ஸாகக் கொடுத்தால் 12,000 வாடகை மிச்சம். 2,900 லாபம். எஃப்.டி வட்டிக்கு வரி உண்டு, மிச்சமாகும் வாடகைக்கு வரி கிடையாது. 20% ஸ்லாபில் இருப்பவருக்கு செஸ்ஸும் போக கையில் நிற்கும் வட்டி சுமார் 7,200-தான். அப்போது லாபம் 4,800 ஆகிறது. பணம் சேவிங்ஸ் அக்கவுண்ட்டில் சும்மா கிடந்தால் இன்னும் அதிகம். (பழைய வரி முறையில் ஹெச்.ஆர்.ஏ கிளெய்ம் செய்பவர்களுக்கு மட்டும், வாடகை கூடினால் வரி கொஞ்சம் குறையலாம். அதையும் சேர்த்துப் பாருங்கள்.)

ஆனால் அட்வான்ஸுக்காக 14% பர்சனல் லோன் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கதையே வேறு. 14% கொடுத்து 8.6% வாங்குகிறீர்கள். அதற்கு 19,000 வாடகையே மேல்.

வட்டி சரி, அசல்?

எஃப்.டி-யை எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம். அட்வான்ஸை முடியாது. வேறு வீடு மாறும்போதுதான் இது உறைக்கும். புது வீட்டுக்கு முதலில் அட்வான்ஸ் கட்ட வேண்டும், பழைய ஓனரோ "அடுத்த டெனன்ட் வரட்டும், தர்றேன்" என்பார். பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிப்பதும் இங்கே சகஜம். வருஷம் 3,000, 4,000 லாபத்துக்காக 2 லட்சத்தைக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது அதில் 15,000 கூடுதலாகப் பிடித்தால் மூன்று நான்கு வருஷ லாபம் போச்சு. 60,000 மட்டும் கொடுத்திருந்தால், கடைசி மூன்று மாச வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக்கூடப் பேசலாம்.

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாசத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த 'ஒத்துக்கொண்டால் தவிர' என்பதில்தான் 10 மாச அட்வான்ஸ் உயிரோடு இருக்கிறது. எனவே 2 லட்சம் கொடுப்பதாக இருந்தால், பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார், எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தையும் ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

வட்டி ரொம்ப நல்லா இருந்தா?

அப்போதுதான் உஷாராக வேண்டும். 'லீஸ்' வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டை 10 லட்சம் கொடுத்தால் வாடகையே வேண்டாம் என்கிறார். லட்சத்துக்கு 1,800 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 21.6%. கேட்க அருமைதான். ஆனால் சொந்த வீடு வைத்திருப்பவர் வீட்டை அடமானம் வைத்தால் வங்கியில் இதில் பாதி வட்டிக்கே கடன் கிடைக்குமே, ஏன் உங்களிடம் வருகிறார்? வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருக்கலாம். அந்தக் கடனுக்காக வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால், உங்கள் 10 லட்சத்துக்கு முன்னால் வங்கிதான் வரிசையில் நிற்கும். பணம் கொடுப்பதற்கு முன் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரத்தை வங்கியில் வைத்துப் பதிவு செய்திருந்தால் அதில் தெரியும்.

வேளச்சேரி வீட்டுக்கு வருவோம். எமர்ஜென்சிக்கு ஆறு மாசச் செலவுப் பணம் தனியாக இருந்து, இரண்டு மூன்று வருஷம் அங்கேயே இருக்கப் போகிறீர்கள், அக்ரிமென்ட்டும் பக்காவாக இருக்கிறது என்றால் 2 லட்சம் கொடுக்கலாம். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் என் ஓட்டு 60,000-க்குத்தான். இன்னும் பேரம் பேச இடம் இருந்தால் "லட்சத்துக்கு 500 ரூபாய் கணக்கில் வாடகையை ஏத்திக்கோங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். 60,000 அட்வான்ஸுக்கு வாடகை 18,700 வரும்.