நாலு கட்டம்னா நாலு பிள்ளை இல்லை

பத்தாம் வகுப்பு உயிரியல்ல ஒரு கேள்வி. பச்சைக் காய் காய்க்கும் Gg பட்டாணிச் செடியை இன்னொரு Gg செடியோடு கலந்தால் என்ன வரும்? பன்னட் கட்டம் போட்டு மூணு பச்சை, ஒரு மஞ்சள், விகிதம் 3:1 என்று எழுதினால் முழு மார்க். எழுதின பையனிடமே, "அப்போ நாலு விதை நட்டா எத்தனை செடி மஞ்சளா காய்க்கும்?"னு கேட்டுப் பாருங்க. யோசிக்காம "ஒண்ணு"ம்பான்.

பையனைக் குறை சொல்ல முடியாது. கட்டத்தில் நாலு அறை இருக்கு, அவன் அதை நாலு பிள்ளைகள்னு படிக்கிறான். நம்மில் பல பேர் டியூஷன் எடுக்கிறோம், அதனால இதைச் சொல்றேன்: நாணயத்தை முதல்ல கொடுங்க, கட்டத்தைக் கடைசியில போடுங்க.

செய்முறை எளிது. ரெண்டு பேர் ஒரு ஜோடி, ஆளுக்கு ஒரு நாணயம். ஒரு நாணயம் ஒரு பெற்றோர் செடி. தலை விழுந்தா G, பூ விழுந்தா g. Gg செடி ஒரு மகரந்தத்தையோ முட்டையையோ உருவாக்கும்போது ரெண்டு அல்லீல்ல ஒண்ணுதான் உள்ளே போகும். எது போகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த நிகழ்வுதான் ஒரு சுண்டல். ரெண்டு நாணயமும் சேர்ந்து விழுந்தா ஒரு விதை. பச்சை ஓங்கு பண்பு, அதனால ரெண்டும் பூவா விழுந்தா மட்டும்தான் மஞ்சள்.

முதல்ல நாலு தடவை மட்டும் சுண்டச் சொல்லுங்க. 20 ஜோடி இருந்தா, சராசரியா 8 ஜோடிக்குத்தான் சரியா 3:1 வரும். 6 ஜோடிக்கு மஞ்சளே வராது. 4 ஜோடிக்கு ரெண்டு மஞ்சள் வரும். "சார், எங்களுக்குத் தப்பா வந்திருக்கு"னு கை தூக்குவாங்க. பாடம் தொடங்குற இடமே அதுதான். யாருக்கும் தப்பா வரலை.

அப்புறம் ஒவ்வொரு ஜோடியும் மொத்தம் 20 முறை வரும்வரை சுண்டட்டும். எல்லாத்தையும் கரும்பலகையில் கூட்டினா 400 விதை. மஞ்சள் 100-ஐ ஒட்டி, பெரும்பாலும் 83-க்கும் 117-க்கும் நடுவுல நிற்கும். எந்த ஜோடியாவது 20-ல 15 மஞ்சள்னு கொண்டு வந்தா, அநேகமா ஒரே ஒரு பூ விழுந்ததையும் மஞ்சள்ல சேர்த்திருப்பாங்க. ஓங்கு பண்புன்னா என்னன்னு அவங்களுக்கு மறுபடி சொல்லணும்னு அதிலிருந்தே தெரிஞ்சுடும்.

இப்போ மெண்டலின் கணக்கைக் காட்டுங்க. காயின் நிறத்தில் அவருக்குக் கிடைச்சது 428 பச்சை, 152 மஞ்சள். வகுத்தால் 2.82. அவருக்கும் சரியா 3 வரலை! இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கணும். அந்த 580-ம் காய்கள் இல்லை, செடிகள். காயின் தோல் தாய்ச் செடியின் உடல். அதனால ஒரு செடியில் எல்லாக் காயும் ஒரே நிறம்தான். உள்ளே இருக்கும் விதைதான் பிள்ளை, அதை நட்டு வளர்த்தால்தான் அதன் காய் நிறம் தெரியும். ஒரே செடியில் மூணு பச்சைக் காய், ஒரு மஞ்சள் காய்னு படம் வரைஞ்சா அது தப்பு.

"பைத்தான்ல நாலு வரி எழுதினா லட்சம் தடவை சுண்டலாமே, நாணயம் எதுக்கு?"னு நம்ம ஆட்கள் கேட்பாங்க. லட்சம் தடவை சுண்டினா திரையில் 3:1 அழகா வந்துடும். பையன் மறுபடியும் அதை ஒரு சட்டம்னு மனப்பாடம் பண்ணுவான். நாலு சுண்டலில் விகிதம் உடையறதைக் கையால் பார்த்தால்தான், சின்ன எண்ணிக்கையை நம்பக் கூடாதுன்னு புரியும்.

இது பட்டாணியோடு முடியற விஷயமில்லை. கணவன் மனைவி ரெண்டு பேருமே தலசீமியா அல்லீலைச் சுமக்கிறவங்கன்னு வைங்க. முதல் குழந்தைக்கு நோய் இருக்கு. "நாலுல ஒண்ணுதானே, அது வந்தாச்சு, அடுத்த மூணும் தப்பிச்சுடும்"னு நினைச்சா அது பன்னட் கட்டத்தைத் தப்பாப் படிச்சதோட விளைவு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 சதவீதம், முன்னாடி என்ன நடந்திருந்தாலும் சரி. நாணயத்துக்கு ஞாபக சக்தி கிடையாது.

இவ்வளவும் ஆனபிறகு கட்டத்தைப் போடுங்க. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நாலு அறையையும் பசங்களே நிரப்புவாங்க. ஒவ்வொரு அறையும் ஒரு குழந்தை இல்லை, ஒவ்வொரு குழந்தைக்கும் உள்ள வாய்ப்புன்னு அப்போ தனியா விளக்க வேண்டியிருக்காது.