மூடிய பின்னும் மிஞ்சும் படம்



ஆண்டிராய்டு கைப்பேசியில் இணையம் பார்க்கும் நம் குடும்பத்தாருள் சிலர் இந்த அனுபவத்தைப் பெற்றிருக்கலாம். உலாவியில் அந்தரங்கப் பக்கம் ஒன்றைத் திறக்கிறார்கள். பயர்பாக்ஸில் அதற்கு Private என்றும், குரோமில் Incognito என்றும் பெயர். தேவையான தகவல் திரையில் தோன்றியதும், அதைப் படமாக வைத்துக்கொள்ள எண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுக்க முயல்கிறார்கள். கைப்பேசியோ இணங்குவதில்லை. பாதுகாப்பு விதியின்படி படம் எடுக்க இயலாது என்ற பொருளில் ஒரு வரி தோன்றுகிறது, அல்லது வெறும் கருப்புப் படம் கிடைக்கிறது. கருவி பழுதாயிற்றோ, சேமிப்பிடம் நிரம்பிற்றோ என்று ஐயுற்றுக் கடைக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு.

பழுது ஏதுமில்லை. அதை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே உலாவியில் சாதாரணப் பக்கம் ஒன்றைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். அங்கே படம் விழுந்து, அந்தரங்கப் பக்கத்தில் மட்டும் மறுக்கப்படுமானால், உலாவி வேண்டுமென்றே விதித்திருக்கும் தடை அது. என் கைப்பேசியில் நானே எடுக்கும் படத்தை உலாவி ஏன் தடுக்க வேண்டும்? நியாயமான இக்கேள்விக்கு விடை காண, அந்தரங்கப் பக்கம் நமக்கு அளிக்கும் வாக்குறுதி எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தரங்கப் பக்கத்தில் நாம் எங்கெங்கு சென்றோம் என்ற வரலாற்றை உலாவி குறித்து வைப்பதில்லை. அங்குப் பெற்ற குக்கி முதலிய தடயங்களை, அந்தப் பக்கங்களையெல்லாம் மூடியதும் அழித்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், இக்கைப்பேசியை அடுத்துக் கையில் எடுப்பவர் நாம் பார்த்ததை அறியாதிருக்கச் செய்வேன் என்பதே அதன் வாக்குறுதி. ஆனால் உலாவி, தான் எழுதியதைத்தான் தானே அழிக்க முடியும். பிள்ளை சிலேட்டில் எழுதியதைத் துடைத்துவிடலாம். பக்கத்தில் அமர்ந்தவன் அதைத் தன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், சிலேட்டைத் துடைத்து என்ன பயன்? ஸ்கிரீன்ஷாட் அந்த நோட்டைப் போன்றது. அது உலாவியின் பொறுப்பைக் கடந்து படத்தொகுப்பில் போய்ச் சேர்கிறது. உலாவியை மூடினாலும் அது அங்கேயே இருக்கும்.

இருந்தாலும், நாமே விரும்பி எடுக்கும் படம் நம் பொறுப்புத்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாம் எடுக்காமலேயே எடுக்கப்படும் படம் ஒன்றும் இருக்கிறது. தடையின் முதன்மையான காரணம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கைப்பேசியின் அடிப்பகுதியிலுள்ள சதுரப் பொத்தானைத் தொட்டால், அல்லது திரையின் அடியிலிருந்து விரலை மேலே இழுத்துச் சற்று நிறுத்தினால், அண்மையில் பயன்படுத்திய செயலிகள் சீட்டுக்கட்டைப் போல் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு சீட்டிலும் அந்தச் செயலியின் கடைசிக் காட்சி தெரியும். இக்காட்சி எங்கிருந்து வருகிறது? ஒரு செயலியை விட்டு நாம் வெளியேறும் கணத்தில், ஆண்டிராய்டு தானாகவே அதன் திரையைப் படம் பிடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. நம்மிடம் அது அனுமதி கேட்பதில்லை, படம் பிடித்ததாக அறிவிப்பதும் இல்லை.

இதனால் நேரக்கூடியதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நடுத்தர வயதுடைய தாய் ஒருவர் தம் மார்பில் சிறு கட்டி ஒன்று இருப்பதை உணர்கிறார். மருத்துவரைப் பார்க்கும் முன்னர் வீட்டில் எவரையும் கலங்கச் செய்ய அவருக்கு மனமில்லை. வீட்டிலிருப்பதோ ஒரே கைப்பேசி. பகலில் தாயிடமும், மாலையில் பாடத்துக்கும் விளையாட்டுக்குமாகப் பிள்ளைகளிடமும் அது இருக்கும். தாய் அந்தரங்கப் பக்கத்தைத் திறந்து, அக்கட்டியைப் பற்றியும் அதற்குரிய மருத்துவமனையைப் பற்றியும் படித்துக்கொண்டிருக்கிறார். அப்போது அடுப்பில் பால் பொங்குகிறது. பக்கத்தை மூடாமலே எழுந்து ஓடுகிறார். மகள் கைப்பேசியை எடுத்து, தான் முன்பு திறந்திருந்த பாடத்தைத் தேடிச் செயலிகளின் வரிசையைப் புரட்டுகிறாள். தடை இல்லையெனில், தாய் படித்த பக்கம் அச்சீட்டில் அப்படியே அவள் கண்ணில் படும். தடை இருப்பதால், அந்த இடத்தில் எழுத்தோ படமோ இல்லாத வெற்றுச் சீட்டுத்தான் தெரிகிறது. ஆனால் மகள் அச்சீட்டையே தொட்டுத் திறந்துவிட்டால், மூடாத பக்கம் தெரிந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. வேலை முடிந்ததும் அந்தரங்கப் பக்கங்களை மூடும் பழக்கத்துக்கு இத்தடை ஈடாகாது.

உலாவி இத்தடையை விதிக்கும் முறை எளிது. ஆண்டிராய்டில் FLAG_SECURE என்றொரு குறி உண்டு. ஒரு செயலி தன் திரைக்கு இக்குறியை இட்டுவிட்டால், அத்திரையை எவரும் படம் பிடிக்க ஆண்டிராய்டு விடாது. வங்கிச் செயலிகள் பலவும் இதையே பயன்படுத்துகின்றன. பயர்பாக்ஸ் அந்தரங்கப் பக்கத்துக்குள் நாம் நுழையும்போது குறியை இடுகிறது, சாதாரணப் பக்கத்துக்குத் திரும்பும்போது எடுத்துவிடுகிறது. குரோமும் தன் அந்தரங்கப் பக்கங்களுக்கு இக்குறியை இடுகிறது.

ஆனால் இக்குறிக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியாது. செயலிகளின் வரிசைக்காக ஆண்டிராய்டு எடுக்கும் படத்தையும், இணையவழி வகுப்பின்போது நாம் திரையைப் பகிர்ந்தால் மற்றவர்க்குப் போகும் காட்சியையும், திரையைப் பதிவு செய்யும் செயலி ஒன்று எடுக்கும் படத்தையும், நாமே இரு பொத்தான்களை அழுத்தி எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டையும் அது ஒன்றாகவே கருதி மறுக்கிறது. வேலிக்கு வாசல் வைக்காமல் அடைத்தது போல, அயலாரோடு வீட்டுக்காரரும் தடுக்கப்படுகிறார். செயலிகளின் வரிசையில் தெரியும் படத்தை மட்டும் தனியே நிறுத்துவதற்கு, 2022இல் வந்த ஆண்டிராய்டு 13 ஒரு வழி அளித்தது. ஆயினும் அவ்வழி அதற்குமுன் வந்த கைப்பேசிகளுக்கு உதவாது, திரைப் பகிர்வையும் பதிவையும் அது தடுப்பதுமில்லை.

இத்தடையை நீக்கும் உரிமை பயர்பாக்ஸில் நமக்கு உண்டு. Settings பகுதியில் Private browsing என்பதைத் திறந்தால், Allow screenshots in private browsing என்றொரு பொத்தான் காணப்படும். நாம் தொடாதவரை அது அணைந்தே இருக்கும். அதற்கடியிலுள்ள சிறு வரியைப் பலரும் படிப்பதில்லை. இதை அனுமதித்தால், பல செயலிகள் திறந்திருக்கும்போது அந்தரங்கப் பக்கங்களும் கண்ணுக்குத் தெரியும் என்று அது எச்சரிக்கிறது. ஒரு படம் எடுப்பதற்காகத் தடையை நீக்கியவர் அதை மீண்டும் விதிக்க மறந்தால், அன்றுமுதல் அவருடைய அந்தரங்கப் பக்கங்கள் யாவும் அச்சீட்டு வரிசையில் தெரியத் தொடங்கும். உங்கள் கைப்பேசியில் நிலைமை எப்படி என்று அறிய விரும்பினால், அந்தரங்கப் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு அவ்வரிசையைப் பாருங்கள். சீட்டு வெறுமையாக இருந்தால் தடை இருக்கிறது. பக்கம் தெரிந்தால் தடை நீங்கியிருக்கிறது.

நாம் முன்பு கண்ட தாய் மருத்துவமனையில் நாள் குறித்து, பதிவு எண்ணையும் பெற்றுவிட்டார் என்று கொள்வோம். அதை அவர் எவ்வாறு வைத்துக்கொள்வது? எண் ஒன்றே போதுமெனில், ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. பக்கம் முழுவதும் வேண்டுமெனில், பயர்பாக்ஸில் Save as PDF என்ற வழி உண்டு. அக்கோப்பு பதிவிறக்கங்களுள் சேர்ந்து, அந்தரங்கப் பக்கத்தை மூடிய பின்னும் அங்கேயே இருக்கும். ஆகவே தேவை முடிந்ததும் அதை அவரே தேடி அழிக்க வேண்டும். மூன்றாவது வழி, பொத்தானை இயக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உடனே பொத்தானை அணைத்துவிடுவது. இவ்வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுகளும் கூகுள் போட்டோஸில் தாமாகவே சேரும்படி சிலர் அமைத்திருப்பார்கள். அதே கணக்கு மகனுடைய கருவியிலும் திறந்திருந்தால், தாய் இங்கே எடுத்த படம் சிறிது நேரத்தில் அங்கே தோன்றும். உலாவி அஞ்சியது இத்தகைய பயணத்தையே.

இறுதியாக, இத்தடையின் எல்லையையும் சொல்லிவிடுவது என் கடமை. இன்னொரு கைப்பேசியால் திரையைப் படம் எடுப்பதை எந்தக் குறியாலும் தடுக்க முடியாது. பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்கென்று ஆண்டிராய்டு வைத்துள்ள அணுகல் வசதியை ஏதேனும் தீய செயலிக்கு நாம் அறியாமல் அனுமதித்திருந்தால், அது திரையிலுள்ள சொற்களைப் படிக்கக்கூடும். படத்தைத் தடுக்கும் குறி சொற்களைத் தடுப்பதில்லை. நாம் சென்ற இணையதளமும், இணைய இணைப்பை வழங்கும் நிறுவனமும் நம் வருகையை அறிவதையும் இது மறைக்காது. அந்தரங்கப் பக்கம் என்ற பெயரைக் கண்டு, உலகம் முழுவதிலிருந்தும் மறைந்துவிட்டோம் என்று எண்ணுவது தவறு. ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், நாம் பார்த்ததை நாமே சொல்லும் காலம் வரும்வரை அடுத்தவர் கண்ணில் படாமல் காக்கவே அது முயல்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை அது மறுப்பதும் அந்த முயற்சியின் ஒரு பகுதியே.