"அப்ளை": விண்ணப்பிப்பதா, பூசுவதா?



அண்மையில் ஒரு தாய் கைத்தொலைபேசியுடன் என்னிடம் வந்தார். மகனின் கைச் சொறிக்குக் கொடுத்த மருந்துக் குழாயில் இருந்த ஆங்கில வரியைப் படம் பிடித்து மொழிபெயர்த்திருந்தார். "தினமும் இரு தடவை விண்ணப்பிக்கவும்" என்று திரையில் இருந்தது.

"எந்தக் கந்தோருக்குப் பிள்ளை விண்ணப்பிக்கிறது?" என்று கேட்டார்.

குழாயில் இருந்த சொல் "அப்ளை". உதவிக்கு விண்ணப்பிப்பதற்கும் மருந்து பூசுவதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். அவர் அந்த ஒரு வரியை மட்டும் கிட்டப் பிடித்திருந்ததால், எது பொருத்தம் என்று காட்ட அதில் வேறொன்றும் இருக்கவில்லை.

இருவரும் குழாயைத் திருப்பிப் பார்த்தோம். விரலால் கையில் கிறீம் தடவும் சிறு படமும், அருகில் "வெளிப்பாவனைக்கு மாத்திரம்" என்ற ஆங்கில வரியும் இருந்தன. ஆகவே "பூசவும்" என்பதே சரி. தோலில் தடவும் மருந்துக்கு யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை.

ஆனால் படத்துக்கும் எல்லை உண்டு. கண்ணுக்குப் போடும் களிம்பும் தோலுக்குப் பூசும் களிம்பும் ஒரேமாதிரிச் சிறு குழாயில் வரும். கண்ணின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாள், எவ்வளவு என்பதைப் படம் சொல்லாது.

எனவே பெட்டியின் முழுப் பக்கத்தையும் படம் பிடியுங்கள். மொழிபெயர்ப்பு பொருளோடு ஒட்டாவிட்டால் அந்தச் சொல்லை நம்பாமல், பெட்டியையே மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.